அவசர அறிவித்தல்: எரிவாயுக் கசிவு

மட்டக்களப்பு வாவிக்கரைத் தொடர்மாடிக் குடியிருப்பாளர்கள் அனைவருக்கும்,

நேற்றிரவு இரண்டாம் மாடிப் படிக்கட்டில் எரிவாயு மணம் வீசியது. ஒரு வீட்டுக் குசினியில் றெகுலேட்டருக்கு அருகே எரிவாயுக் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது. சவர்க்கார நுரை பூசியதும் அங்கே குமிழி கிளம்பியது.

மணம் வந்தால் மின் ஆளி எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஆளியில் தெறிக்கும் சிறு பொறியே போதும். அடுப்பு, சாமி விளக்கு, நுளம்புத்திரி எரிந்தால் உடனே அணையுங்கள். எரிவாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் அது தரையோடு தேங்கி நிற்கும். ஆகவே நுளம்புக்குப் பயந்து பொழுதுபட்டதும் நாம் சாத்திவிடும் கதவு யன்னல்களை, குறிப்பாக பல்கனிக் கதவை, அகலத் திறந்துவிடுங்கள். கைக்கெட்டினால் றெகுலேட்டரை மூடுங்கள். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிறகு பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டால் இறங்குங்கள். லிப்டில் ஏற வேண்டாம். அயல் வீட்டாரை அழைப்புமணி அடிக்காமல், கதவில் தட்டிக் கூப்பிடுங்கள். கைத்தொலைபேசியை வெளியே வந்த பின்னரே எடுத்து, தீயணைப்புக்கு 110, நோயாளர் காவு வண்டிக்கு 1990 என்ற இலக்கங்களை அழையுங்கள்.

நெருப்புக்குச்சி கொளுத்திக் கசிவைத் தேடும் பழக்கம் இங்கே இன்னும் சிலரிடம் உண்டு. அதைச் செய்யவே கூடாது.

ஞாயிறு காலை 9 மணிக்கு எல்லா வீட்டுக் குழாய்களும் பரிசோதிக்கப்படும். ஒருவராவது வீட்டில் இருக்கவும்.

நிர்வாகக் குழு