நிலையான பணி நேரம் கோரி கிடங்கு மேலாளருக்கு விண்ணப்பம்

மதுரை
16.06.2025

அனுப்புநர்:
முதுநிலைக் கணக்காளர்,
பில்லிங் பிரிவு, கப்பலூர் கிடங்கு.

பெறுநர்:
கிடங்கு மேலாளர் அவர்கள்,
கப்பலூர்.

நகல்: மனிதவளப் பிரிவு

பொருள்: 2025 ஜூலை 1 முதல் காலை 8:30 – மாலை 5:30 என்ற நிலையான பணி நேரம் கோருதல்

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். ஜூலை 1 முதல் திங்கள் முதல் சனி வரை காலை 8:30 மணிக்கு வந்து மாலை 5:30 மணிக்குக் கிளம்பும்படி என் பணி நேரத்தை நிலையாக வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிய இடைவேளை ஒரு மணி நேரம் போக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை இருக்கும். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மாலை எத்தனை மணிக்கு முடியும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும், அந்த நேரம் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் என்னுடையது. மாலையில் அதைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை. இந்த நிலை தற்காலிகமானது அல்ல. முடிவெடுக்க உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும் என்று நினைக்கிறேன். மற்ற குடும்ப விவரங்களை விட்டுவிட்டு, வேலை நடக்குமா என்ற ஒரே கேள்வியை வைத்து இந்தக் கோரிக்கையைப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்போது காலை 9:30 மணிக்கு வருகிறோம். மாலை கடைசி லோடு எப்போது கிளம்புகிறதோ அப்போதுதான் பில்லிங் பிரிவும் கிளம்புகிறது. சில நாள் 6:30 ஆகிறது, சில நாள் 8:30 தாண்டுகிறது. தேனி, ராமநாதபுரம் வண்டிகள் தாமதமாக வரும் நாட்களில் நாங்கள் கையில் வேலை இல்லாமலே காத்திருக்கிறோம். பெரும்பாலும் வண்டி எண்ணுக்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. இ-வே பில்லில் சரக்கு விவரம் ‘அ’ பகுதியிலும் வண்டி எண் ‘ஆ’ பகுதியிலும் தனித்தனியாகத்தான் வருகின்றன. ‘அ’ பகுதியைப் பதிந்துவிட்டால் 15 நாளைக்குள் எப்போது வேண்டுமானாலும் வண்டி எண்ணைச் சேர்க்கலாம். செல்லுபடிக் காலமும் வண்டி எண்ணைச் சேர்த்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதனால் அன்றைய லோடு முழுவதுக்கும் பில் போட்டு, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் சரக்குகளுக்கு ‘அ’ பகுதியையும் 5:15 மணிக்குள் முடித்து, பட்டியலை டெஸ்பாட்ச் சூபர்வைசரிடம் கொடுத்துவிடுகிறேன். வண்டி வந்ததும் எண்ணைப் பதிவது இரண்டு நிமிட வேலை. இ-வே பில் தளத்தில் அவர் பெயரில் துணைப் பயனர் கணக்கு திறந்தால் என்னுடைய பாஸ்வேர்டு யாருக்கும் தேவைப்படாது. எதை யார் பதிந்தார்கள் என்பதும் தெளிவாக இருக்கும். ஏதாவது தவறு நேர்ந்தாலும் வழியில் அதிகாரிகள் சரிபார்க்காத பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக அதைக் கவனிக்கிறேன்.

இதற்கு ஆர்டர்கள் மாலை 4:30 மணிக்குள் வந்தாக வேண்டும். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று நீங்கள் யோசிப்பீர்கள். சித்திரைத் திருவிழா வாரத்தை நினைத்துப் பாருங்கள் சார். மாசி வீதிகளுக்குள் வண்டி போகாது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறோம், அவர்களும் மதியத்துக்குள் ஆர்டரை அனுப்பிவிடுகிறார்கள். அந்த வாரம் பில்லிங் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதை நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள். 4:30 என்பது அந்த அளவுக்குக் கெடுபிடியானதும் இல்லை. அதற்குப் பிறகு வரும் ஆர்டர் மறுநாள் காலை முதல் லோடில் போகும்.

காலையில் நான் ஒரு மணி நேரம் முன்னால் வருவதால் கிடங்குக்கும் பயன் உண்டு. இரவு வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களுக்கு 10 மணிக்குள் பில் தயாராகிவிடும். முந்தைய நாள் திரும்பி வந்த மிக்ஸி, கிரைண்டர் பெட்டிகளின் கணக்கு இப்போது மதியம் வரை இழுக்கிறது. டிரைவர்கள் கிளம்புவதற்கு முன்பே அதைச் சரிபார்த்து முடித்துவிடலாம். டிரைவர்களின் வசூல் கணக்கை நேர்செய்யும் வேலையையும் முழுமையாக நானே எடுத்துக்கொள்கிறேன். மாலைப் பொறுப்பு என் சக ஊழியர்கள் மேல் கூடுதல் சுமையாக விழக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

ஜிஎஸ்டிஆர்-1 மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், 3பி 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். இரண்டையும் கெடுவுக்கு முந்தைய நாள் மதியமே தாக்கலுக்குத் தயாராக வைப்பது என் பொறுப்பு. ஆண்டுக் கடைசி ஸ்டாக் எடுப்பிலும் தீபாவளி நேரத்திலும் கூடுதல் நேரம் தேவைப்படும் என்று தெரியும். ஒரு வாரம் முன்னால் தேதி சொன்னால் மாதத்தில் இரண்டு நாள் மாலை 7:30 வரை இருக்கிறேன். ஆனால் அன்றைக்கே மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டு இருக்கச் சொன்னால் என்னால் முடியாது. சரி என்று இப்போது சொல்லிவிட்டு அப்புறம் ஒவ்வொரு முறையும் தயங்கி நிற்பதைவிட, இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நம் இருவருக்கும் நல்லது.

5:30 மணிக்கு மேல் கிடங்கில் ஏதாவது சிக்கல் என்றால் சூபர்வைசர் எனக்குப் போன் செய்யலாம். எடுத்துப் பதில் சொல்வேன். திரும்பி வருவது மட்டும் இயலாது.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதம் இப்படி நடத்திப் பார்க்கலாம். ஆடித் தள்ளுபடி நெருக்கடி இந்த மாதங்களுக்குள்ளேயே வந்துவிடுவதால் ஏற்பாடு தாங்குமா என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தாமதமான லோடு, ரத்தான பில், வந்த புகார் மூன்றையும் எழுதிக் கொடுக்கிறேன். தீபாவளி வேலை சூடுபிடிக்கும் முன், செப்டம்பர் கடைசி வாரத்தில் அதைப் பார்த்து முடிவு செய்யலாம். 8:30 உங்களுக்கு வசதிப்படாவிட்டால் காலை 8 முதல் மாலை 5 வரை என்றாலும் எனக்குச் சம்மதம். தொடங்கும் நேரத்தில் விட்டுக்கொடுக்க முடியும், மாலை 5:30 என்ற எல்லையில் முடியாது.

இரண்டு விஷயங்களை உரிமையோடு கேட்கிறேன். ஒன்று, என் குடும்பம் பற்றி மேலே எழுதிய வரிகள் உங்களோடும் மனிதவளப் பிரிவோடும் நிற்கட்டும். மற்றவர்களுக்குப் பணி நேரப் பட்டியலில் என் நேரம் தெரிந்தால் போதும். இரண்டாவது, ஆண்டு மதிப்பீட்டில் என் வேலையின் தரத்தையும் அளவையும் பாருங்கள். மாலையில் யார் கடைசியாகக் கிளம்பினார்கள் என்பதை வைத்து என்னை மதிப்பிட வேண்டாம். பில்லிங் பிரிவில் மேற்பொறுப்புக்கு இடம் வரும்போது நானும் விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருக்கிறேன். இந்தக் கோரிக்கை அதற்குத் தடையாகக் கூடாது.

நேரில் பேச வேண்டுமென்றால் வரும் வியாழன் (19.06.2025) மதியம் 3 மணிக்கு வருகிறேன். டெஸ்பாட்ச் சூபர்வைசரிடம் இன்னும் இது பற்றிப் பேசவில்லை. உங்கள் ஒப்புதல் கிடைத்த பிறகு பேசுவதுதான் முறை. ஜூலைப் பணி நேரப் பட்டியல் 27-ஆம் தேதி ஒட்டப்படும் என்பதால், 25-ஆம் தேதிக்குள் உங்கள் முடிவை எழுத்தில் தர வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
முதுநிலைக் கணக்காளர்,
பில்லிங் பிரிவு