அம்மாவின் கடைசிக் கூலி

அம்மாவை எரித்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, அம்பத்தூர் பட்டறையில் லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஏழு வருடத்தில் முதல் செய்தி.

"பந்தல், நாற்காலி 3,500. மேளம் 6,000. பாடை, பூ 4,200. விறகு, எரு, சுடுகாட்டுச் செலவு 7,500. ஐஸ் பெட்டி 2,000. காப்பி, தண்ணீர் 1,850. கோடித்துணி 1,150. ஆக மொத்தம் 26,200. உன் பங்கு 13,100."

பெயர் இல்லை, தம்பி என்ற சொல்லும் இல்லை. அண்ணன் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். போனில் எழுதினாலும் பேரேட்டில் எழுதுவது போல முழுதாக, திருத்தமாகத்தான் எழுதுவான். அவனுக்குப் பதில் எழுதும்போது எனக்கும் அந்த நடையே வந்துவிடுகிறது. சிறு வயதில் கல்லிடைக்குறிச்சி பள்ளிக்கூடத்தில் எனக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தவன் அவன்தான்.

நான் 13,500 அனுப்பினேன். அடுத்த நிமிடம் 400 திரும்பி வந்தது.

"கூடுதலாக வந்ததைத் திருப்பியிருக்கிறேன்" என்று எழுதியிருந்தான்.

"சரி" என்று எழுதினேன்.

அன்று அவ்வளவுதான். செவ்வாய் அதிகாலை அவன் போனில் சொன்னதும் இதே போலத்தான் இருந்தது. "அம்மா போய்விட்டாள். வா." நான் போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். அதனால் புதன்கிழமை கொள்ளிக்குடம் என் தோளில் ஏறியது. மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் கத்தியால் ஒரு துளை போட்டார்கள். தண்ணீர் முதுகில் வழிந்தது. அண்ணன் எனக்கு இரண்டடி தள்ளி நின்றான். இருவரும் முகம் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். ஆற்றில் முழுகிவிட்டு, ஈர வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு, மதினி கொடுத்த காப்பியைக்கூட வாங்காமல் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காடாற்றுக்கு நான் இல்லை.

சனிக்கிழமை இரவு அடுத்த செய்தி வந்தது.

"அப்பளக் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தார். அம்மாவின் கடைசி வாரக் கூலி பாக்கி 640 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். உன் பங்கு 320."

கூடவே 320 ரூபாய் என் கணக்கில் வந்து விழுந்தது.

நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன். என் மனைவி என்னவென்று கேட்டாள். சொல்ல வரவில்லை.

அப்பளம் இடுவது எவ்வளவு வேலை என்று தெரியாதவர்களுக்கு அந்த 320 ரூபாய் வெறும் தொகை. உளுந்து மாவோடு உப்பும் அப்பளக் காரமும் பிரண்டைச் சாறும் சேர்த்துப் பிசைந்து, உலக்கையால் இடித்து இடித்து இழுத்தால் நூல் போல வரும்வரை பக்குவப்படுத்த வேண்டும். பிறகு உருட்டி, நறுக்கி, பலகையில் வைத்துக் குழவியால் ஒவ்வொன்றாக இட வேண்டும். தாமிரபரணித் தண்ணீரில் பிசைந்தால்தான் அந்த ருசி என்று ஊரில் சொல்வார்கள். அம்மா அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு எத்தனை நூறு ஆயிற்று என்பதுதான் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவள், நூறுக்கு ஒரு கோடாக நோட்டில் போட்டு வைப்பாள். அப்பா 2009இல் இறந்த பிறகும், நாங்கள் இருவரும் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும், அந்தப் பலகையை அவள் விடவில்லை. வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே அவளுக்குக் காய்ப்பு உண்டு. வாய்க்கரிசி போடும்போது அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு 11 மணிக்கு எழுதினேன்.

"அந்த 320 ரூபாயை நான் என்ன செய்வது?"

"உன் பங்கு. உன் இஷ்டம்."

"நீ கணக்கு முடிக்கிறாயா என்னோடு?"

அதற்கு அவன் பதில் எழுதவில்லை. நீலக் கோடுகள் மட்டும் வந்தன. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏழு வருடமாக அவன் பெயரைக் கேட்டாலே வந்தது அதுதான். 2017இல் அம்மா வீட்டை அண்ணன் பெயருக்குச் செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு வருடம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அம்பாசமுத்திரத்தில் சித்தப்பா மகள் கல்யாணத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, "அம்மாவின் கைநாட்டை ஏமாற்றி வாங்கிய திருடன்" என்று அத்தனை பேர் முன்னாலும் அவனைச் சொன்னேன். அவன் இலையிலிருந்து எழுந்து கை கழுவப் போனான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த 320 ரூபாய் உறுத்திக்கொண்டே இருந்தது. விடியும்முன் எழுந்து எழுதினேன். பலமுறை அழித்து எழுதியது இது.

"அண்ணே, உனக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி, ஐந்து பவுன். அப்பாவின் வைத்தியக் கடனுக்குப் போனதாக அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அப்படி இல்லை. 2013இல் நான் ஷார்ஜா போவதற்காக ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வாங்கிப் போய் அடகு வைத்தேன். ஏஜெண்டு ஏமாற்றிவிட்டான். நான் வட்டி கட்டவில்லை. நகை ஏலத்துக்குப் போய்விட்டது. உன்னைத் திருடன் என்று சொன்ன அன்றும் இது எனக்குத் தெரியும்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பால்காரர் வந்துபோன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.

"தெரியும், தம்பி."

அடுத்து ஒரு படம். மடித்து மடித்து நைந்துபோன அடகுக் கடை ரசீது. அதில் என் பெயர், என் கையெழுத்து.

"இது அரிசிப் பானைக்குள் இருந்தது. பத்திரம் எழுதுவதற்கு முதல் நாள் அம்மா எடுத்து என்னிடம் கொடுத்தாள். சின்னவனுக்குச் சங்கிலி போனது, உனக்கு வீடு, இரண்டும் ஈடாகாது, இருந்தாலும் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்றாள். அவனிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டாதே என்று என் பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள்."

"கல்யாண வீட்டில்?"

"என் சட்டைப் பையில்தான் இருந்தது. நீ பிரச்சினை செய்யப் போகிறாய் என்று சித்தப்பா காலையிலேயே சொல்லியிருந்தார். அதனால் கொண்டு வந்திருந்தேன். எடுக்கலாமா என்று நினைத்தேன். அம்மா எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விட்டேன்."

வாசல்படியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏழு பொங்கல், ஏழு தீபாவளி. அவன் மகள் பெரியவளானதற்கு மாமன் சீர் கொண்டு வருகிறவர்களை வரவேற்கச் சித்தப்பனாக நான் நின்றிருக்க வேண்டும். போகவில்லை. அம்மா ஞாயிறுதோறும் போனில் பேசும்போது, "அண்ணன் உன்னை விசாரித்தான்" என்பாள். பொய் என்று நினைத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். அவனிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். எது பொய், எது நிஜம் என்று இனி யாரிடம் கேட்பது?

என்னை மன்னித்துவிடு என்று எழுதிக்கொண்டிருந்தபோதே அவனிடமிருந்து இன்னொன்று வந்தது.

"நீ இதற்குப் பதில் எழுதாதே. நான் நல்லவன் என்று நினைத்துவிடாதே. ஞாயிறு இரவு அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு கொஞ்சம் தெளிந்தாள். சின்னவனுக்குச் சொல், அவனைப் பார்க்க வேண்டும் என்றாள். உன் எண்ணை எடுத்தேன். வந்ததும் ஊர் முன்னால் என்னை என்ன சொல்வானோ என்று தோன்றியது. விடியட்டும் என்று விட்டேன். திங்கட்கிழமை நன்றாகப் பேசினாள், கஞ்சி குடித்தாள். இனிப் பயமில்லை என்று அன்றும் விட்டேன். மறுபடியும் கேட்டாள். கிளம்பிவிட்டான் என்று பொய் சொன்னேன். செவ்வாய் விடியற்காலை போய்விட்டாள். வாசலைப் பார்த்தபடி படுக்கையைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தாள்."

நான் எழுதியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

ஞாயிறு இரவே சொல்லியிருந்தால் திங்கள் மதியத்துக்குள் போயிருப்பேன். அவள் கஞ்சி குடித்ததைப் பார்த்திருப்பேன். நான் செய்தது ஐந்து பவுன். அவன் செய்ததை எதில் நிறுப்பது? ஆனால் அவன் அழைக்கப் பயந்தது என் வாய்க்கு. அந்தப் பந்தியில் நான் சொன்ன சொல்தான் ஏழு வருடம் கழித்து அந்த இரவில் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இதை யோசிக்க யோசிக்க, கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் தவித்தேன்.

இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. அவனும் எழுதவில்லை. செவ்வாய் இரவு, அம்மா இறந்து ஒரு வாரம் ஆனபோது, ஒரு படம் மட்டும் அனுப்பினான். கொல்லைப்புற வேப்பமரக் கிளையில், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய மண் பானை தொங்கிக்கொண்டிருந்தது.

"காடாற்றுக்கு நீ இல்லை. நான்தான் பொறுக்கி எடுத்தேன். ஆற்றில் விட மனம் வரவில்லை. கொள்ளி வைத்த கை வேண்டும். பதினாறாம் நாள் புதன்கிழமை. நீ வரவில்லை என்றால் நானே பாபநாசம் போய்க் கரைத்துவிடுகிறேன். கட்டாயம் இல்லை."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பானைக்கு மேலே, மழைக்கு மறைப்பாக ஒரு பலகையைக் கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தான். அம்மாவின் அப்பளப் பலகை. நடுவில் அவள் கை தேய்ந்து தேய்ந்து குழிந்த இடம் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து எழுதினேன்.

"நெல்லை எக்ஸ்பிரஸில் திங்கட்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று என்னால் இப்போது எழுத முடியவில்லை, அண்ணே. நீயும் எழுத வேண்டாம். ஊருக்கு வருகிறேன்."

"ஜங்ஷனுக்கு வந்து நிற்கிறேன். பஸ்ஸில் வராதே."

"சரி."

"மதினி என்ன சமைக்கட்டும் என்று கேட்கிறாள்."

"எதுவானாலும் சரி. காப்பி போடச் சொல். அன்று குடிக்காமல் வந்துவிட்டேன்."

"சொல்கிறேன்."

சிறிது நேரம் "டைப் செய்கிறார்" என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எதுவும் வரவில்லை. நானே எழுதினேன்.

"பானையை நீ இறக்க வேண்டாம். நான் வந்து இறக்குகிறேன். பலகையையும் நானே அவிழ்க்கிறேன்."

"முடிச்சு இறுக்கமாகப் போட்டிருக்கிறேன். ஒருவரால் முடியாது."

"அப்படியானால் நீ கீழே பிடித்துக்கொள்."

"சரி, தம்பி."