தோட்டத்துத் தண்ணீருக்கு மக்கள் தரும் மதிப்பு: தெரிவுப் பரிசோதனையின் முடிவுகள்

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மூன்று டிவிஷன்களில் 2025 தொடக்கத்தில் 212 குடும்பங்களைச் சந்தித்தோம். பதில் சொன்னவர்களில் 119 பேர் பெண்கள். ஒவ்வொருவருக்கும் 8 அட்டைகள் காட்டினோம். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு புதிய தண்ணீர்த் திட்டங்களும், கட்டணமே இல்லாத "இப்போது இருப்பதே போதும்" என்ற தெரிவும் இருந்தன. ஆக, 1,696 தெரிவுகள். விருப்பங்கள் ஆளுக்கு ஆள் மாறலாம் என்று கொள்ளும் கலப்பு லாஜிட் மாதிரியில் மதிப்பிட்டோம். கட்டணக் குணகத்தை மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக வைத்தோம். அதையும் ஆளுக்கு ஆள் மாற விட்டால், அதனால் வகுத்து வரும் ரூபாத் தொகை நம்ப முடியாதபடி தாறுமாறாகிவிடும். மாதிரியின் லாக் நிகழ்தகவு −1,382; போலி R² 0.26.

| பண்பு (ஒப்பீட்டு நிலை) | பகுதிப் பயன்மதிப்பு (நியம வழு) | மாதம் தர விரும்பும் தொகை, ரூபா (95% நம்பிக்கை ஆயிடை) |
|---|---|---|
| லயத்துக்கு ஒரு குழாய் (பொதுப் பீலி) | 0.48 (0.11) | 155 (81–237) |
| வீட்டுக்கு ஒரு குழாய் (பொதுப் பீலி) | 1.27 (0.15) | 410 (291–548) |
| நாளுக்கு 6 மணிநேரம் (2 மணிநேரம்) | 0.71 (0.10) | 229 (154–315) |
| 24 மணிநேரம் (2 மணிநேரம்) | 0.93 (0.13) | 300 (201–412) |
| மணல் வடிகட்டி (சுத்திகரிப்பு இல்லை) | 0.58 (0.10) | 187 (116–267) |
| மணல் வடிகட்டியும் குளோரினும் (சுத்திகரிப்பு இல்லை) | 0.36 (0.12) | 116 (38–199) |
| இப்போதைய நிலை | −0.42 (0.19) | – |
| கட்டணம், 100 ரூபாவுக்கு | −0.31 (0.034) | – |

ஒவ்வொரு பண்பும் மக்களின் தெரிவை எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லும் நடு நிரலின் எண்களுக்கு அலகு கிடையாது. வேறோர் ஆய்வின் 1.27-ஐ இதோடு வைத்து ஒப்பிட முடியாது. கட்டணக் குணகத்தால் வகுக்கும்போதுதான் அந்த அளவுகோல் அடிபட்டு ரூபா வருகிறது.

வீட்டுக் குழாய்தான் முதலிடம் என்பதில் வியப்பில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இருட்டும் முன் பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் பெண்களே. பாலினத்தைச் சேர்த்து மதிப்பிட்டபோது வீட்டுக் குழாய்க்குப் பெண்கள் 487 ரூபாவும் ஆண்கள் 313 ரூபாவும் தர முன்வருவது தெரிந்தது. குடும்பத் தலைவரை மட்டும் கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் காணாமலே போயிருக்கும்.

ஆனால் குழாய் வந்தால் போதாது. தண்ணீர் வரும் நேரம் 2 மணிநேரத்திலிருந்து 6 மணிநேரமாவதற்கு 229 ரூபா; 6-லிருந்து 24 ஆவதற்கு மேலும் 71 ரூபாதான், அதுவும் புள்ளியியல்படி உறுதியில்லை (p = 0.07). வீட்டுக்கே குழாய், ஆனால் 2 மணிநேரம், வடிகட்டி இல்லை: இது ஒரு திட்டம். லயத்துக்கு ஒரு குழாய், 6 மணிநேரம், மணல் வடிகட்டி: இது இன்னொன்று. கட்டணம் ஒன்றாக இருந்து இவை இரண்டு மட்டுமே முன்னால் இருந்தால், சராசரிக் குணகங்களின்படி 62 வீதம் இரண்டாவதுக்கே போகிறது. பெண்களை மட்டும் எடுத்தாலும் 56 வீதம். செலவுக் கணக்குப் போடுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது.

குளோரின் விஷயத்தில் சராசரி ஏமாற்றும். அதன் நியம விலகல் 1.02, அதாவது ஏறத்தாழ 64 வீதத்தினர் அதை விரும்புகிறார்கள், 36 வீதத்தினருக்குச் சுத்திகரிக்காத தண்ணீரே மேல். மணல் வடிகட்டி மட்டும் என்றால் 90 வீதத்தினருக்குச் சம்மதம். "அந்த மருந்து வாசத்துல பிளேன்டி குடிக்க ஏலாது, மிஸ்" என்று ஓர் அம்மா கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். குளோரின் வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது. எவ்வளவு கலக்கிறோம், எதற்குக் கலக்கிறோம் என்று முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே இதன் பொருள்.

வீட்டுக் குழாய், 6 மணிநேரம், மணல் வடிகட்டி மூன்றையும் கூட்டினால் 826 ரூபா வருகிறது. இதைக் கட்டணமாக எடுத்துவிடக் கூடாது. அட்டையில் நாங்கள் காட்டிய மிக உயர்ந்த கட்டணம் 600 ரூபா. அதைத் தாண்டிய தொகைக்கு எங்களிடம் ஆதாரமில்லை. அதோடு, நாங்கள் கேட்ட காலத்தில் அடிப்படை நாட்சம்பளம், 2024 செப்டம்பரில் நிர்ணயித்தபடி, 1,350 ரூபாவாக இருந்தது. வேலை கிடைக்காத கிழமைகளில் அதுவும் முழுசாகக் கைக்கு வராது. கையில் காசு குறைவாக உள்ளவர் குறைந்த தொகை சொன்னால், அவருக்குத் தண்ணீர் தேவையில்லை என்று ஆகிவிடாது.

எட்டு அட்டையிலும் "இப்போது இருப்பதே போதும்" என்றவர்கள் 23 குடும்பங்கள். காரணம் கேட்டோம். 9 குடும்பங்கள் கட்டணம் கட்டுப்படியாகாது என்றன. அவை உண்மையான தெரிவுகள், அப்படியே வைத்தோம். 14 குடும்பங்கள், தண்ணீர் தோட்டம் தர வேண்டியது, நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும் என்று கேட்டன. அவற்றை நீக்கி 1,584 தெரிவுகளோடு திரும்ப மதிப்பிட்டபோது வீட்டுக் குழாய்க்கான தொகை 432 ஆனது. பண்புகளின் வரிசை மாறவில்லை. அட்டவணையில் அவற்றையும் சேர்த்த எண்களையே கொடுத்திருக்கிறோம். அந்தக் கேள்வியும் ஒரு பதில்தான்.