வெள்ளவத்தைத் தொடர்மாடியின் 6பி இலக்க வீடு: சி.ஓ.சி. கைக்கு வராமல் திறப்பைப் பொறுப்பேற்க முடியாமை பற்றி

பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்படுகிறது

கொழும்பு 06
2025 பெப்ரவரி 13

பணிப்பாளர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

இம்மாதம் 3ஆம் திகதியிட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. 6பி வீட்டை 28ஆம் திகதி பொறுப்பேற்க வேண்டும், அன்றே மீதி 36 இலட்சத்தையும் கட்ட வேண்டும், வராவிட்டால் மார்ச் முதலாம் திகதியில் இருந்து பராமரிப்புக் கட்டணமும் தாமதக் கட்டணமும் எங்கள் கணக்கில் ஏறும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ், நாங்கள் எல்லோரும் சொல்கிற சி.ஓ.சி., கிடைத்துவிட்டதா என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அதனால் 5ஆம் திகதி உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சி.ஓ.சி. பிறகு வரும் டீச்சர், பயப்படாதேங்கோ. கொழும்பில எல்லாரும் இப்பிடித்தான் குடி போறவை" என்றார். எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டேன். அது மேலிடத்துக்குத்தான் தெரியும் என்றார். அந்த மேலிடம் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சி.ஓ.சி.யைக் கண்ணால் பார்க்காமல் நானும் என் கணவரும் திறப்பை வாங்க மாட்டோம், பொறுப்பேற்பு படிவத்தில் கையெழுத்திட மாட்டோம், மீதிப் பணத்தைச் செலுத்தவும் மாட்டோம். பணம் இல்லாமல் இழுத்தடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். 16 இலட்சம் எங்கள் சேமிப்புக் கணக்கில் அப்படியே இருக்கிறது. மற்ற 20 இலட்சம் வங்கிக் கடனின் கடைசித் தவணை. சி.ஓ.சி.யின் பிரதி இல்லாமல் அதை விடுவிக்க முடியாது என்று வங்கி எழுத்தில் தந்திருக்கிறது. அந்தக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

2021 ஜூனில் ஒப்பந்தம் எழுதினோம். 2023 டிசம்பரில் வீடு தருவதாகச் சொன்னீர்கள். 2022இல் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். சீமெந்தும் கம்பியும் விலை ஏறி, டொலர் இல்லாமல் லிப்ட்டை இறக்குமதி செய்யவும் வழியில்லாமல் நீங்கள் பட்ட பாட்டை நாங்கள் நேரில் பார்த்தோம். அந்தத் தாமதத்துக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவணைப் பணத்தையும் ஒரு மாதம் கூடப் பிந்தவிடவில்லை. 360 இலட்சத்தில் 324 இலட்சம் இன்று உங்கள் கையில் இருக்கிறது. பதினான்கு மாதம் பொறுத்த எங்களுக்கு இந்தக் கடைசிக் கட்டத்தில் அவசரம் ஒன்றும் இல்லை. இப்போதைய வாடகை வீட்டுக்காரரும் ஜூன் வரை இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, உங்கள் சைட் பொறுப்பாளரின் அனுமதியோடு நானும் கணவரும் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தோம். ஒப்பந்தத்தோடு நீங்கள் தந்த, மாநகர சபை முத்திரை பதித்த வரைபடத்தின் பிரதியையும் கையில் கொண்டுபோனோம். வீட்டுக்குள் குறை அதிகம் இல்லை. குசினிச் சுவரில் ஒரு கீறல், பல்கனியில் தண்ணீர் வடிகிற வாட்டம் சரியில்லை, அவ்வளவுதான். அதெல்லாம் ஒரு நாள் வேலை.

மனதைக் குழப்பியது வீட்டுக்கு வெளியே பார்த்தவை. வரைபடத்தில் தரைத் தளத்தில் 24 வாகனத் தரிப்பிடங்கள் இருக்கின்றன, 24 வீட்டுக்கும் ஒவ்வொன்று. நாங்கள் எண்ணியபோது 21தான் இருந்தன. வீதிப் பக்கத்தில் இருக்க வேண்டிய மூன்றையும் சுவர் கட்டி மறைத்து, உருட்டுக் கதவு போட்டிருக்கிறீர்கள். கடைக்கு வாடகைக்கு விடப் போவதாகக் காவலாளி சொன்னார். எங்களுக்கு ஒதுக்கிய 17ஆம் இலக்கத் தரிப்பிடம் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. நிலத்தில் அடித்த மஞ்சள் கோடு சுவருக்கு அடியில் போய் மறைவதைக் குனிந்து பார்த்தேன். 17 என்ற இலக்கத்தில் 7 மட்டும் வெளியே தெரிகிறது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கியும் படிக்கட்டின் தலைப்பும் மட்டுமே இருக்க வேண்டும். அங்கே தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்றும் மலசலகூடம் ஒன்றும் எழும்பியிருக்கின்றன. ஆறாம் மாடியில் எங்கள் கதவுக்கு அருகே உள்ள தீயணைப்புக் குழாய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே குழாய் இல்லை, ஒரு பழைய பெயின்ற் வாளி இருந்தது. நாலாம் மாடியில் அவசரப் படிக்கட்டின் கதவை அரைவாசிதான் திறக்க முடிந்தது, பின்னால் சீமெந்து மூட்டைகள். என் அம்மாவுக்கு 78 வயது, நடைவண்டி பிடித்துத்தான் நடக்கிறார். தீ என்று வந்தால் லிப்ட்டில் போகக் கூடாது. அந்தப் படிகளால்தான் அவரை நாங்கள் இருவரும் தூக்கி இறக்க வேண்டும். அந்தக் கதவை நான் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன், ஐயா. அன்று இரவு நித்திரை வரவில்லை.

இவற்றைக் குற்றப் பட்டியலாக எழுதவில்லை. அங்கீகரித்த வரைபடத்தின்படியே கட்டடம் எழுந்திருக்கிறது, ஆட்கள் குடியிருக்கத் தகுந்தது என்று சொல்வதற்குத்தான் சி.ஓ.சி. இருக்கிறது. வரைபடத்துக்கு மாறாக மூன்று தரிப்பிடங்கள் போய் ஒரு கடையும், மாடியில் ஒரு மண்டபமும் வந்திருந்தால் சான்றிதழ் தாமதமாவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் "பிறகு வரும்" என்ற சொல்லுக்கு ஒரு திகதியும் கிடையாது. சுவரை இடிக்கும் வரை வராது, அல்லது திருத்திய வரைபடத்துக்கு அங்கீகாரம் எடுக்கும் வரை வராது. காரணம் வேறாக இருந்தால் அதை எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்று எழுப்பிய கட்டடத்தில் இணக்கச் சான்றிதழ் இல்லாமல் குடியேறக் கூடாது. நாளைக்கு மாநகர சபை அதிகாரி வந்து கேட்டால் உள்ளே இருப்பது நாங்கள், நீங்கள் அல்ல. அடுத்தது வீட்டின் உறுதிப் பத்திரம். சி.ஓ.சி. வந்த பிறகுதான் தொடர்மாடி வரைபடத்தைக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றோடு காணிப் பதிவகத்தில் பதியப் போவதாக உங்கள் நொத்தாரிசு எங்களிடம் சொன்னார். அந்த வரைபடம் பதிவானால்தான் 6பி என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆதனம். அதற்குப் பிறகுதான் எங்கள் பெயருக்கு உறுதி எழுதலாம், வீட்டுக்காரர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் அமையும். ஆகவே இன்று திறப்பை மட்டும் வாங்கினால் எங்களிடம் இருக்கப் போவது ஒரு திறப்பும் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளும்தான். உறுதி கையில் இல்லாமல் பத்து வருடம் தொடர்மாடியில் இருந்துவிட்டு, பிள்ளையின் படிப்புக்கு விற்கப் போனபோது வாங்க ஆள் இல்லாமல் திரும்பி வந்த ஒரு குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

பொறுப்பேற்பு படிவத்தின் நாலாம் பந்தியையும் பார்த்தேன். வீடும் பொதுப் பகுதிகளும் திருப்திகரமாக இருக்கின்றன, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கிறது. இதில் கையெழுத்திட்டால் 17ஆம் இலக்கத் தரிப்பிடத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் இருக்காது. அந்தப் பந்தியை நீக்கித் தாருங்கள்.

ஆகவே இம்மாதம் 27ஆம் திகதிக்கு முன் கீழ்க்காணும் ஆவணங்களின் பிரதிகளை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, கட்டடத்துக்கான இணக்கச் சான்றிதழ். அது இன்னும் கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பித்த திகதி, கோப்பு இலக்கம், மாநகர சபை ஏதாவது ஆட்சேபம் எழுதியிருந்தால் அந்தக் கடிதம். கோப்பு இலக்கம் தந்தால் போதும், நகர மண்டபத்துக்கு நானே போய் விசாரிப்பேன், உங்கள் ஆட்களை அலைக்கழிக்க மாட்டேன். இரண்டாவது, வேலை முடிந்தது என்று கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியியலாளரும் கையெழுத்திட்டுத் தந்த சான்றிதழ்கள். உங்கள் கடிதம் "வேலை பூர்த்தி" என்று சொல்கிறது. அதை அவர்கள் தங்கள் பெயரில் சொல்லியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். அப்புறம், தீயணைப்புச் சேவையின் சான்று, லிப்ட்டைப் பரிசோதித்த அறிக்கை, உண்மையில் கட்டி முடித்தபடி வரைந்த வரைபடம். மின்சாரமும் தண்ணீரும் நிரந்தர இணைப்பா, கட்டுமானத்துக்கு எடுத்த தற்காலிக இணைப்பா என்பதையும் எழுதுங்கள். நாங்கள் நின்றபோது லிப்ட் ஓடத் தொடங்கியதும் நடைபாதை விளக்குகள் மங்கின, அதனால் கேட்கிறேன்.

தாமதக் கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. குடியேறத் தகுந்த வீட்டைத் தருவதுதான் எங்கள் ஒப்பந்தம். சான்றிதழ் இல்லாத வீட்டை வாங்க மறுப்பது எங்கள் தாமதம் ஆகாது. மார்ச் முதலாம் திகதியில் இருந்து எந்தக் கட்டணமும் எங்கள் கணக்கில் ஏறாது என்று பதிலில் உறுதிப்படுத்துங்கள். சி.ஓ.சி. எங்கள் கைக்கு வந்து, 17ஆம் இலக்கத் தரிப்பிடமும் திறந்துவிடப்பட்டால், ஏழு நாளுக்குள் எங்கள் 16 இலட்சத்துக்குக் காசோலை தருவேன், வங்கியின் 20 இலட்சத்துக்கும் அன்றே விண்ணப்பிப்பேன்.

27ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் எங்கள் சட்டத்தரணி மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கும் எழுதுவார். அந்த நிலை வர வேண்டாம் என்றுதான் விரும்புகிறேன். நாலு வருடமாக உங்கள் அலுவலகத்தில் தேநீர் குடித்துப் பேசியிருக்கிறோம். அத்திவாரம் போட்ட நாளில் அம்மா வந்து தேங்காய் உடைத்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கட்டடத்தில் அவர் பயமில்லாமல் போய் இருக்க வேண்டும்.

நேரில் பேச விரும்பினால் பாடசாலை முடிந்து பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு எந்த நாளும் வருகிறோம். ஆனால் பேசியதை அன்றே எழுத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
6பி வீட்டைக் கொள்வனவு செய்தவர்கள் சார்பில்

இணைப்பு: வங்கியின் கடிதப் பிரதி, 09.02.2025 அன்று எடுத்த 11 படங்கள், அங்கீகரித்த தரைத் தள வரைபடத்தின் பிரதி (17ஆம் இலக்கத் தரிப்பிடம் சிவப்பு மையால் குறிக்கப்பட்டுள்ளது)

பிரதி: எங்கள் சட்டத்தரணி, வங்கியின் வீட்டுக் கடன் பிரிவு