தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா: நாடாளுமன்றக் கூட்டுக் குழு அறிக்கையின் சுருக்கம், இன்றிரவுப் பதிப்புக்காக

டெல்லி, 16 டிசம்பர் 2021, மாலை 5.40

அன்புள்ள தம்பி,

எட்டரை மணிக்குள் செய்தியை முடித்தாக வேண்டும் என்று சொன்னீர்கள். ஐந்நூறு பக்கங்களைத் தாண்டிய அறிக்கையை அதற்குள் நீங்கள் படித்து முடிக்க இயலாது. நான் படித்த அளவில், செய்திக்குத் தேவையானவற்றை முக்கியத்துவத்தின் வரிசையில் கீழே தருகிறேன். அறிக்கையில் அவை வரும் வரிசை வேறு.

முதலில் பின்னணி. தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிபுணர் குழு 2018 ஜூலையில் ஒரு வரைவுச் சட்டத்தை அளித்தது. அதைப் பல இடங்களில் மாற்றி, அரசு 2019 டிசம்பர் 11 அன்று மக்களவையில் மசோதாவாக அறிமுகப்படுத்தியது. மசோதா இரு அவைகளின் 30 உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. முதலில் மீனாட்சி லேகி தலைவராக இருந்தார். இந்த ஆண்டு ஜூலையில் அவர் அமைச்சரான பிறகு பி. பி. சௌத்ரி பொறுப்பேற்றார். பலமுறை கால நீட்டிப்பு பெற்ற குழுவின் அறிக்கை இன்று தாக்கலாகியிருக்கிறது. இந்தப் பின்னணிக்குச் செய்தியின் கடைசியில் ஒரு பத்தி போதும்.

செய்தியின் தலைப்பு எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தொலைக்காட்சிகள் மாலையிலிருந்தே சமூக ஊடகங்கள் பற்றிய பரிந்துரையைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் சாதாரணக் குடிமகனின் வாழ்க்கையைத் தொடும் முடிவு 35-ஆம் பிரிவில் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு ஆகியவற்றின் நலன் கருதி, மத்திய அரசு காரணங்களை எழுத்தில் பதிவு செய்து ஓர் ஆணை பிறப்பித்தால், தன்னுடைய எந்த முகமைக்கும் இந்தச் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளிலிருந்தோ சிலவற்றிலிருந்தோ விலக்கு அளிக்கலாம். ஆணையைப் பிறப்பிப்பது அரசு. விலக்கைப் பெறுவதும் அரசின் முகமை. இடையில் நீதிமன்ற அனுமதியோ நாடாளுமன்ற ஒப்புதலோ தேவையில்லை.

குழு இந்த அதிகாரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு இரண்டு மாற்றங்களை மட்டும் செய்திருக்கிறது. பின்பற்றப்படும் நடைமுறை ‘நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் காரணத்துக்கு உட்பட்டதாகவும் தேவைக்கு ஏற்ற அளவினதாகவும்’ இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது முதலாவது. நடைமுறையில் உள்ள வேறு எந்தச் சட்டத்தில் எது கூறப்பட்டிருந்தாலும் இந்தப் பிரிவு செல்லும் என்ற சொற்களைத் தொடக்கத்தில் வைத்தது இரண்டாவது. முதல் மாற்றத்தை மட்டும் எழுதினால் குழு அரசுக்குக் கடிவாளம் போட்டது போலத் தோன்றும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அந்த விளக்கம் நடைமுறையைப் பற்றியதுதான். விலக்கு அளிப்பதே தேவைதானா என்ற கேள்விக்கு அது பொருந்துமா என்பதில் சட்டம் அறிந்தவர்களே உடன்படமாட்டார்கள். நாட்டின் பாதுகாப்புக்காக விலக்கு வேண்டுமென்றால் அதற்கு நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் அடிப்படை இருக்க வேண்டும் என்று 2018 வரைவு கூறியிருந்தது. இந்த ஒப்பீட்டை ஒரு வரியிலாவது சேர்த்துவிடுங்கள். வாசகருக்கு எது கைநழுவியது என்பது அதில்தான் தெரியும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தரவுப் பாதுகாப்பு ஆணையம். 2019 மசோதாவின்படி அதன் உறுப்பினர்களைத் தேர்வு செய்யும் குழுவில் அமைச்சரவைச் செயலாளரும் இரு துறைச் செயலாளர்களும் மட்டுமே இருந்தனர். இப்போது அட்டர்னி ஜெனரல், ஒரு தனி நிபுணர், ஒரு ஐஐடி இயக்குநர், ஒரு ஐஐஎம் இயக்குநர் ஆகியோரையும் சேர்க்கக் குழு பரிந்துரைக்கிறது. குழு விரிந்திருப்பது உண்மை. ஆனால் நிபுணரையும் இரு இயக்குநர்களையும் நியமிப்பதும் மத்திய அரசே. மேலும், கொள்கை சார்ந்த விஷயங்களில் மட்டும் அரசின் வழிகாட்டுதலுக்கு ஆணையம் கட்டுப்படும் என்றிருந்ததை, எல்லா விஷயங்களிலும் கட்டுப்படும் என்று குழு மாற்றியிருக்கிறது. அரசு முகமைகள் மீதான புகாரையும் இந்த ஆணையம்தான் விசாரிக்க வேண்டும் என்பதால், இந்த மாற்றம் 35-ஆம் பிரிவுக்கு அடுத்த இடத்தில் வைக்க வேண்டிய செய்தி.

நம் தொழிலைத் தொடும் பகுதியையும் தவறவிடாதீர்கள். இதழியல் பணிக்காகத் தனிநபர் தரவைக் கையாளுவதற்கு 36-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. இந்திய பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகளையோ ஊடகங்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றின் நெறிமுறைகளையோ பின்பற்றினால் அந்த விலக்கு கிடைக்கும் என்று 2019 மசோதா கூறியது. ‘சுயகட்டுப்பாட்டு அமைப்பு’ என்பதை எடுத்துவிட்டு, ‘சட்டப்பூர்வ ஊடக ஒழுங்குமுறை அமைப்பு’ என்று குழு வைத்திருக்கிறது. அச்சு, ஒளிபரப்பு, இணையம் என எல்லா ஊடகங்களுக்கும் பொதுவாக அப்படியொரு சட்டப்பூர்வ அமைப்பை உருவாக்க வேண்டும் என்றும் தனியே பரிந்துரைக்கிறது. ஒரு ஊழல் செய்திக்காக யாருடைய வங்கி விவரத்தையோ சொத்து விவரத்தையோ நாம் திரட்டும்போது, அது சட்டப்படி சரியா என்பதை இனி யார் தீர்மானிப்பார்கள் என்பதே இதிலுள்ள கேள்வி. தரவுச் சட்டம் பற்றிய அறிக்கைக்குள் ஊடகக் கட்டுப்பாடு இத்தனை சுலபமாக நுழைந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது, ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

சமூக ஊடகங்களைப் பற்றி: பயனர்களுக்கு வெறும் இடைநிலையாளராக மட்டும் செயல்படாத தளங்களை வெளியீட்டாளர்களாகக் கருத வேண்டும், சரிபார்க்கப்படாத கணக்குகளிலிருந்து வரும் பதிவுகளுக்கு அவையே பொறுப்பேற்க வேண்டும், தாய் நிறுவனம் இந்தியாவில் அலுவலகம் திறக்காத வரை எந்தத் தளமும் இங்கு இயங்க அனுமதிக்கக் கூடாது என்பவை குழுவின் பரிந்துரைகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இடைநிலையாளர்களுக்குத் தரும் பாதுகாப்பை இது நேரடியாகத் தொடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழுவின் 93 பரிந்துரைகளில் 81 மசோதாவின் வாசகத்தைத் திருத்துபவை. மீதி 12 மசோதாவுக்கு வெளியே அரசுக்குக் கூறப்படும் பொதுவான ஆலோசனைகள். சமூக ஊடகங்களை வெளியீட்டாளர்களாக்குவது இந்த 12-இல் வருகிறது. எனவே ‘மசோதா கூறுகிறது’ என்று எழுதினால் தவறு. ‘குழு அரசுக்குப் பரிந்துரைத்துள்ளது’ என்றே எழுத வேண்டும். பன்னாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு ஸ்விஃப்ட் முறைக்கு மாற்றாக உள்நாட்டு அமைப்பு ஒன்றை உருவாக்குவது, மின்னணுக் கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு ஆகியவையும் அந்தப் பன்னிரண்டில் சேர்ந்தவையே.

மசோதாவின் பெயரிலிருந்து ‘தனிநபர்’ என்ற சொல்லை நீக்கி, ‘தரவுப் பாதுகாப்பு மசோதா, 2021’ என்று மாற்றக் குழு சொல்கிறது. தனிநபர் சாரா தரவையும் இதே சட்டத்தின் கீழும் இதே ஆணையத்தின் கீழும் கொண்டுவருவதே காரணம். உரிமையைக் காக்கப் பிறந்த சட்டம் தரவை ஒரு வளமாக நிர்வகிக்கும் சட்டமாகவும் மாறுகிறது என்பதை வாசகருக்குச் சுருக்கமாக விளக்குங்கள்.

நிறுவனங்களுக்கான விதிகளில் வாசகருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியவை சில உண்டு. தரவு கசிந்தால், அது தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவிக்க வேண்டுமா என்பதை ஆணையம் முடிவு செய்யும். நேரடியாக அவர்களுக்குத் தகவல் போகும் என்று எழுதிவிடாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டோர் குழந்தைகளாகவே கருதப்படுவர். அவர்கள் அந்த வயதை எட்டுவதற்கு மூன்று மாதம் முன்னரே நிறுவனம் அவர்களிடம் புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டும். ஒருவர் இறந்த பிறகு அவருடைய தரவை என்ன செய்வது என்பதை வாழும்போதே தீர்மானித்து, வாரிசை நியமிக்கும் உரிமை புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே வெளிநாட்டில் உள்ள நுண்ணுணர்வுத் தரவின் நகலைக் குறித்த காலத்துக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். அபராதத்தின் உச்ச வரம்பு ரூ.15 கோடி அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அது. சிறிய மீறல்களுக்கு ரூ.5 கோடி அல்லது 2 சதவீதம். ஆனால் அந்த வரம்புக்குள் எவ்வளவு என்பதை அரசு விதிகளின் மூலம் நிர்ணயிக்கும் என்று குழு மாற்றியிருக்கிறது.

சட்டம் அறிவிக்கையான பிறகு முழுமையாக நடைமுறைக்கு வர 24 மாதங்கள் தரப்படும். மூன்று மாதத்துக்குள் ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் நியமனம். ஆறு மாதத்துக்குள் ஆணையம் பணி தொடக்கம். ஒன்பது மாதத்துக்குள் நிறுவனங்களின் பதிவு. பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்ப்பாயம். இதை ஒரு சிறு பெட்டியாகப் போடலாம்.

மாறுபட்ட கருத்துகளுக்குக் குறைந்தது இரண்டு பத்தி ஒதுக்குங்கள். காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ், மணிஷ் திவாரி, கௌரவ் கோகோய், விவேக் தன்கா, திரிணமூலின் டெரெக் ஓ’பிரையன், மஹுவா மொய்த்ரா, பிஜு ஜனதா தளத்தின் அமர் பட்நாயக் ஆகியோர் எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தவர்களில் அடங்குவர். பெரும்பாலோரின் கவலை அரசுக்குக் கிடைக்கும் விலக்கே. ரமேஷ் 35-ஆம் பிரிவுடன், அரசு சேவைகளுக்காக ஒப்புதல் இன்றித் தரவைக் கையாள அனுமதிக்கும் 12-ஆம் பிரிவையும் எதிர்க்கிறார். தனியார் நிறுவனங்களுக்கு ஒரு சட்டம், அரசுக்கு ஒரு சட்டம் என இரு உலகங்களை மசோதா படைக்கிறது என்பது திவாரியின் வாதம். குழுவின் பெரும்பான்மை, நாட்டின் பாதுகாப்பும் தனிநபர் உரிமையும் சமநிலையில் இருக்க வேண்டும் என்று கூறி இந்த வாதங்களை ஏற்கவில்லை. அதையும் அதே பத்தியில் பதிவு செய்வதே முறை.

முகப்புப் பத்திக்கு இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: ‘மத்திய அரசு தன் முகமைகளுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றக் கூட்டுக் குழு தக்கவைத்துள்ளது. நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், வேறு எந்தச் சட்டத்தில் எது கூறப்பட்டிருந்தாலும் இந்த அதிகாரம் செல்லும் என்ற சொற்களையும் சேர்த்துள்ள குழுவின் அறிக்கை, எதிர்க்கட்சி உறுப்பினர்களின் எழுத்துப்பூர்வமான எதிர்ப்புடன் வியாழக்கிழமை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது.’

கடைசியாக ஒரு திருத்தம். நீங்கள் அனுப்பிய முதல் வரைவில் ‘தரவுச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல்’ என்று இருந்தது. எந்த அவையும் இன்னும் வாக்களிக்கவில்லை. குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. அரசு அவற்றை ஏற்கலாம், மாற்றலாம், மசோதாவையே வேறுவிதமாகக் கொண்டுவரலாம். கூட்டத்தொடர் 23-ஆம் தேதி முடிவதாகத் திட்டம் என்பதால், இந்தத் தொடரிலேயே விவாதம் வரும் என்றும் எழுத வேண்டாம். ஏழரை மணி வரை அலுவலகத் தொலைபேசியில் இருப்பேன். 35-ஆம் பிரிவின் பத்தியை மட்டுமாவது அச்சுக்குப் போகும் முன் என்னிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
டெல்லி அலுவலகத்திலிருந்து அண்ணன்