குமார் அண்ணாவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

காசிமேடு,
11 ஏப்ரல் 2025

அன்புள்ள குமார் அண்ணா,

வணக்கம். போன வாரம் வைவா முடிந்ததும் நேராக லேபுக்குத்தான் ஓடி வந்தோம். நீங்கள் முதலாமாண்டு பிராக்டிகலுக்கு பாட்டில்களில் ஆசிட் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். "நல்லா முடிஞ்சுதா? சரி, போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கு மேல் பேச முடியவில்லை. புராஜெக்ட் புத்தகத்தில் நன்றி எழுதும் பக்கத்துக்கு ஒரு அச்சு இருக்கிறது. அதில் "ஆய்வக உதவியாளர்களுக்கும் நன்றி" என்று ஒரு வரிதான் வரும். உங்களுக்கு அந்த ஒரு வரி போதாது என்று எங்கள் மூன்று பேருக்குமே பட்டது. அதனால் தனியாக எழுதுகிறேன். எழுதுவது நான் என்றாலும் ரம்யா, அப்சர் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதும் இதில் இருக்கிறது.

காசிமேட்டிலிருந்து கொருக்குப்பேட்டை வரை 14 வீடுகளின் போர் தண்ணீரை எடுத்து அதன் கடினத்தன்மையும் குளோரைடும் பார்ப்பது என்று தலைப்பு கிடைத்தபோது, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். முதல் நாளே தண்ணீரைப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் பிடித்து வந்தோம். நீங்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதில எதை டெஸ்ட் பண்ணப்போற, தண்ணியையா, சோப்பையா?" என்று கேட்டீர்கள். அப்புறம் அலமாரியிலிருந்து வெள்ளை பாட்டில்களை எடுத்துக் கொடுத்தீர்கள். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும், அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும், கழுத்துவரை நிரப்பி அங்கேயே பெயர் எழுத வேண்டும் என்றும் சொன்னீர்கள். தெருவில் இருக்கிற அடிபம்பு எல்லாம் போர் இல்லை, நிறைய பம்பில் வருவது மெட்ரோ தண்ணீர், வீட்டுக்காரரிடம் கேட்காமல் பிடிக்காதே என்று சொன்னதும் நீங்கள்தான். அது தெரியாமல் போயிருந்தால் எங்கள் 14-இல் நாலைந்து மெட்ரோ தண்ணீராகவே இருந்திருக்கும்.

ஆனால் நான் உண்மையில் நன்றி சொல்ல வந்தது ஜனவரியில் நடந்த ஒரு மத்தியான விஷயத்துக்கு.

எங்கள் வீட்டுத் தண்ணீர்தான் அன்றைக்கு. 25 மில்லி வீதம் மூன்று பிளாஸ்கில் எடுத்து, மூன்றிலும் ஒரேயடியாகப் பஃபரை ஊற்றி வரிசையாக வைத்துவிட்டு டைட்ரேட் செய்ய ஆரம்பித்தோம். முதல் ரீடிங் 16.1. இரண்டாவது 15.6. மூன்றாவது 14.9. ஒரே பாட்டில் தண்ணீர், ஒரே பியூரெட், மூன்று விடை. போதாததற்கு மூன்றாவது பிளாஸ்கில் நீலம் வந்துவிட்டது என்று கீழே வைத்தால், இரண்டு நிமிடத்தில் அது மறுபடி சிவக்க ஆரம்பித்தது. மணி மூன்றாகப்போகிறது. மூன்றுக்கும் 15.5 என்று எழுதிவிடலாமா என்று பேசிக்கொண்டோம். பென்சிலில் எழுதியிருந்த 14.9-ஐ நான் அழிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். திட்டவில்லை. ரப்பரை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பேனாவில் எழுதும்மா. தப்புன்னா ஒரே ஒரு கோடு போட்டு அடி, அடியில இருக்கிற நம்பர் தெரியணும். பக்கத்துல ஏன்னு எழுது. மணியும் எழுது" என்றீர்கள். மணி எதற்கு என்று புரியாமலே ஞாபகத்திலிருந்து எழுதினோம். 2.10, 2.24, 2.37. நீங்கள் அந்த மூன்று மணியையும் மூன்று ரீடிங்கையும் விரலால் தொட்டுக்காட்டி, "நேரம் ஏற ஏற ரீடிங் இறங்குது பாரு" என்றீர்கள். பிறகு கடைசி பிளாஸ்கை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தீர்கள். லேசாக, பால் ஒரு சொட்டு விட்டது போல, ஒரு கலங்கல் தெரிந்தது.

பஃபர் ஊற்றினதும் பி.எச். 10-க்குப் போகிறது, இவ்வளவு கடினமான தண்ணீரில் கால்சியம் கார்பனேட்டாகப் படிய ஆரம்பித்துவிடும், படிந்ததை இ.டி.டி.ஏ. உடனே பிடிக்க முடியாது, அதனால்தான் ரீடிங் குறைகிறது, படிந்தது மெல்லக் கரையும்போது நீலம் மறுபடி சிவக்கிறது என்று நீங்கள் விளக்கியபோது, மூன்று வருடமாகப் புத்தகத்தில் படித்த ஒரு வரி முதல் தடவையாக என் கண்ணெதிரில் நின்றது. பஃபர் ஊற்றி ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று செய்முறைத் தாளிலேயே இருந்தது. அதைப் படித்திருந்தோம். ஏன் என்று கேட்டதில்லை.

அடுத்த நாள் நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு பிளாஸ்காக, அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துச் செய்தோம். மூன்று தடவையும் 16.4. குதித்தோம். நீங்கள் மட்டும் முதல் நாளின் 16.1-ஐயே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அது உடனே பண்ணினது. அது சரியாத்தான் இருக்கணும். இந்த 0.3 எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, டிஸ்டில்டு வாட்டரை மட்டும் 25 மில்லி எடுத்து, பஃபரும் இண்டிகேட்டரும் போடச் சொன்னீர்கள். நீலமாக இருக்க வேண்டியது ஒயின் சிவப்பாக நின்றது. 0.3 மில்லி விட்ட பிறகுதான் நீலமானது. யாரோ அவசரத்துக்கு அந்த கேனில் ஃபில்டர் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். 16.4-இல் 0.3-ஐக் கழித்தால் 16.1. லிட்டருக்கு 644 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 200, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை.

நான் அழிக்கப்போன 14.9-உம், சந்தேகப்பட்ட 16.1-உம் சேர்ந்துதான் இரண்டு தப்பையும் காட்டிக் கொடுத்தன. அன்றைக்கு ரப்பர் ஜெயித்திருந்தால் 620 என்று எழுதி, 14 வீட்டுக்கும் அதே மாதிரி எழுதி, புத்தகம் கட்டியிருப்போம். எங்களைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் காலை நீங்கள் ஏழரை மணிக்கே வந்து டிஸ்டிலேஷன் யூனிட்டைப் போட்டு எங்களுக்கென்று தனி கேன் பிடித்து, மூடிமேல் எங்கள் பெயரை எழுதி வைத்தது வாட்ச்மேன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கைவேலையும் உங்களிடம்தான் கற்றேன். இடது கையைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து குழாயைப் பிடித்து, வலது கையால் பிளாஸ்கைச் சுழற்றுவது. பியூரெட் மேலிருக்கும் புனலை எடுத்துவிட்டு ரீடிங் பார்ப்பது. கடைசியில் அரைச் சொட்டை நுனியில் தொங்கவிட்டு, பிளாஸ்கின் உள்சுவரில் தொட்டு எடுத்து, வாஷ் பாட்டிலால் கழுவி இறக்குவது. "வயலெட் வந்தா பாதி தூரம்தான், சிவப்புச் சாயல் துளிகூட இருக்கக் கூடாது" என்று, முடித்த பிளாஸ்க் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னீர்கள். பழைய இண்டிகேட்டர் கரைசல் மந்தமாகிவிட்டது என்று, அதன் தூள் அரை கிராமை 100 கிராம் சோடியம் குளோரைடில் போட்டு நீங்களே கல்வத்தில் அரைத்துக் கொடுத்தீர்களே, அது மார்ச் வரைக்கும் முதல் நாள் மாதிரியே நிறம் காட்டியது. ரம்யா அந்தக் குப்பியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

குளோரைடு பார்த்த நாளையும் சொல்ல வேண்டும். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கத்து வீட்டுத் தண்ணீரை 25 மில்லி எடுத்துவிட்டு, ஒரு பியூரெட் நிறைய சில்வர் நைட்ரேட் தீரும் வரை செங்கல் நிறம் வரவேயில்லை. எவ்வளவு விலை உள்ள பொருள் என்று எங்களுக்குத் தெரியும், பயந்துபோய் உங்களிடம் வந்தோம். நீங்கள் அந்தப் பிளாஸ்கைக் கொட்டவிடாமல் வெள்ளிக் கழிவுக்கென்று வைத்திருக்கும் ஜாடியில் ஊற்றச் சொல்லிவிட்டு, "5 மில்லி எடுத்து 50 ஆக்கிப் பாருங்க" என்றீர்கள். 11.8 மில்லியில் வந்தது. லிட்டருக்கு 1,180 மில்லிகிராம். அனுமதிக்கிற உச்சமே 1,000. அப்சர் விரலில் விழுந்த கறுப்புப் புள்ளிகள் போக ரொம்ப நாள் ஆனது.

என் அம்மாவும் ஒன்று சொல்லச் சொன்னார்கள். எங்கள் பாட்டி வெகுகாலமாகப் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டால் உப்புப் போய்விடும் என்று நம்பிச் சமையலுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். கொதிக்கவைத்து, வடிகட்டி மறுபடி பார்க்கலாமே என்று நீங்கள் சொன்னதால்தான் பார்த்தோம். 644 என்பது 410 ஆனது. குளோரைடு அப்படியே நின்றது. பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்குதான் குறைந்த பங்கு, உப்பு எங்கேயும் போகவில்லை என்று பாட்டிக்கு அந்தப் பாத்திரத்தையே சுரண்டிக் காட்டினேன். இப்போது சமையலுக்கு மெட்ரோ தண்ணீர் மட்டும். பருப்பு சீக்கிரம் வேகிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த மேடம், ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்த அந்தப் பக்கத்தில்தான் நிறுத்தினார். "இது என்ன, ஏன் அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் 2.10-இல் தொடங்கி டிஸ்டில்டு வாட்டர் கேன் வரை சொன்னேன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். "இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். எங்கள் லேப் அண்ணா என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

புராஜெக்ட் புத்தகத்தின் ஒரு பிரதியையும், கறை படிந்த அந்த ரீடிங் நோட்டையும் இந்தக் கடிதத்தோடு சேர்த்து வைக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 14 வீட்டுக்கும் வழி எழுதியிருக்கிறோம். எல்லாரும் அடுத்த வருடமும் தண்ணீர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. ஜூனியர்கள் யாராவது எடுத்துச் செய்தால் கொடுங்கள். துறைமுகத்துப் பக்கத்து வீட்டில் மட்டும் காலை ஒன்பது மணிக்கு முன்னால் போகச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு ஆள் இருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
கௌசல்யா
ரம்யா, அப்சர்
பி.எஸ்சி. வேதியியல், மூன்றாமாண்டு