தாத்தா, ஆயா, அந்த போனை வெச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த தாத்தாக்களுக்குத் தலை சுத்தாம இருந்தா சரி. நான் பி.காம். மூணாம் வருஷம். என் ஆயா முப்பது வருஷம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுக்கு வளையம் கோத்தவங்க. முன் வரிசையில உக்காந்திருக்காங்க. அவங்க அனுமதியோடதான் இதைச் சொல்றேன்.

போன மார்கழியில அவங்களுக்கு ஒரு போன். "உங்க ஆதார்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு, போதைப்பொருள் இருக்கு." அடுத்து வாட்ஸ்அப் வீடியோவுல காக்கிச் சட்டை, தோள்ல நட்சத்திரம், பின்னால போலீஸ் கொடி. "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிட்டோம். கேமராவை விட்டு நகரக் கூடாது, பேரப்பிள்ளைங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. பணத்தை எங்க கணக்குக்கு அனுப்புங்க, விசாரணை முடிஞ்சதும் திரும்ப வரும்."

ஆயா மூணு மணி நேரம் அடுப்பைக்கூடப் பத்த வைக்காம உக்காந்திருந்தாங்க. அப்புறம் வைப்புத்தொகையை உடைக்க பேங்குக்குப் போனாங்க. கவுன்டர்ல இருந்த அக்கா, "இவ்வளவு அவசரமா எதுக்கும்மா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. ஆயா அழுதுட்டாங்க. பணம் தப்பிச்சுது.

பிறகு நான், "ஏன் ஆயா என்கிட்ட சொல்லலே?"ன்னு கேட்டேன். "போன மாசம் தப்பான பட்டனை அமுக்கினதுக்கே கத்தினியே"ன்னாங்க. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அந்தத் திருடன் ஆயா வாய்க்குப் போட்ட பூட்டைச் செஞ்சு கொடுத்தது நான்தான்.

இப்போ சட்டம். 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு நம்ம சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே வானொலியில சொன்னார். போலீஸ் வீடியோவுல கைது பண்ணாது, ஜாமீனுக்கு ஜிபே நம்பரும் கொடுக்காது. பெண்களைச் சூரியன் மறைஞ்ச பிறகு விடியற வரைக்கும் சாதாரணமா கைது பண்ணக் கூடாது. ரொம்பத் தவிர்க்க முடியாத நிலைமைன்னாலும் பெண் போலீஸும் மாஜிஸ்திரேட் அனுமதியும் வேணும். உண்மையிலேயே வழக்குன்னா வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. உங்களுக்கும் பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்து போயி கேக்க உரிமை இருக்கு.

காக்கியைப் பார்த்தா எழுந்து நின்ன தலைமுறை நீங்க. அந்த மரியாதையைத்தான் அவங்க காசாக்குறாங்க. அதனால "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு ஒருத்தன் சொன்னா, அந்த நிமிஷமே போனை வெச்சிடுங்க. வெச்சா ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துட்டேன்.

பணம் போயிருந்தா வெக்கப்பட்டு உக்காந்திருக்காதீங்க. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க. பணம் கைமாறிக்கிட்டே போகும். சீக்கிரம் சொன்னா, போற வழியிலேயே கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கு. cybercrime.gov.in-ல புகார் எழுத பேரப்பிள்ளைங்க உதவுவாங்க.

டீயும் போண்டாவும் வந்துடுச்சு. அதுக்கு முன்னால பக்கத்துல இருக்கிற பேரன்கிட்ட போனைக் கொடுங்க, 1930-ஐ சேமிச்சுத் தரட்டும். முணுமுணுத்தான்னா எனக்குக் கையைக் காட்டுங்க.